எழுபதாயிரத்து எண்ணூறு கேட்டவருக்கு முப்பத்தேழாயிரத்து இருநூறு: ஒரு கடை வாடகை பில்லின் பத்து மாதக் கதை

பின்னணி

திருச்சியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் என்னிடம் வரிக்கணக்கு பார்க்க வருகிறார். வயது அறுபத்தாறு. கணவர் கட்டிய இரண்டு மாடிக் கட்டடம் ஒன்றுதான் சொத்து. கீழ்த்தளம் கடைக்கும் கிடங்குக்குமாகக் கட்டப்பட்டது, மேல்தளம் குடியிருப்பு. மேலே ஒரு குடும்பம் மாதம் 15,000 ரூபாய்க்குக் குடியிருக்கிறது. கீழ்த்தளம் ஓராண்டு காலியாகக் கிடந்துவிட்டு, 2025 ஏப்ரல் 1 முதல் மருந்து மொத்த விநியோகம் செய்யும் ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனத்துக்கு வாடகைக்குப் போனது. மாத வாடகை 60,000 ரூபாய், ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள். பத்து மாத அட்வான்ஸ், ஆறு லட்சம், கையெழுத்திட்ட அன்றே வங்கிக் கணக்கில் வந்துவிட்டது.

தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளை ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகையைத்தான் வைப்புத்தொகையின் உச்சவரம்பாகச் சொல்கிறது. நடைமுறையில் கடைக்குப் பத்து மாதம் என்பதே வழக்கம். இங்கும் அதுதான் நடந்தது, இரு தரப்பும் ஒப்பி எழுதிக்கொண்டார்கள்.

ஒப்பந்தத்தை முன்பிருந்த ஒரு வாடகைதாரரின் தாளைப் பார்த்து ஆவண எழுத்தர் அடித்துக் கொடுத்திருந்தார். அதில் ஒரு வரி: ‘மேற்படி அட்வான்ஸ் தொகை காலி செய்யும்போது வட்டியின்றித் திருப்பித் தரப்படும் அல்லது வாடகையில் கழித்துக்கொள்ளப்படும்.’ பத்து மாதம் இந்தக் கட்டடத்தைச் சுற்றி நடந்த குழப்பத்தில் பாதி, அந்த ‘அல்லது’ என்ற ஒரு சொல்லிலிருந்து வந்தது. மீதிப் பாதி டி.டி.பி. கடையிலிருந்து வந்தது.

முதல் இரண்டு பில்கள்

நிறுவனத்தின் உள்ளூர்க் கிளை மேலாளர், ‘கம்பெனிக்கு பில் வேண்டும் டீச்சர், ஜி.எஸ்.டி. போட்டுக் கொடுங்கள்’ என்று சொன்னார். டீச்சர் பக்கத்து டி.டி.பி. கடைக்குப் போனார். கடைக்காரர் கணினியில் ஏற்கெனவே இருந்த வேறொரு கட்டட உரிமையாளரின் பில்லை எடுத்து, பெயரையும் தொகையையும் மாற்றி அச்சிட்டுக் கொடுத்தார். அந்தத் தாளை நான் பிறகு பார்த்தேன். மேலே ‘வரி விலைப்பட்டியல்’ என்ற தலைப்பு. ‘ஜி.எஸ்.டி. எண்’ என்பதற்கு எதிரே வெறும் கோடு. கீழே வாடகை 60,000, மத்திய ஜி.எஸ்.டி. 9 சதவீதம் 5,400, மாநில ஜி.எஸ்.டி. 9 சதவீதம் 5,400, மொத்தம் 70,800.

ஏப்ரல் பில்லுக்குக் கிளை மேலாளர் கிளைக் கணக்கிலிருந்தே 70,800 ரூபாய்க்குக் காசோலை கொடுத்துவிட்டார். மே மாதம் முதல் வாடகையைக் கோவைத் தலைமை அலுவலகம் நேரடியாகச் செலுத்தத் தொடங்கியது. மே 5 அன்று டீச்சரின் கணக்கில் வந்தது 37,200 ரூபாய். கூடவே எந்த விளக்கமும் இல்லை.

மறுநாள் காலை அவர் என் அலுவலகத்துக்கு வந்தார். பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் பென்சிலால் கழித்துப் பார்த்து, 33,600 என்ற எண்ணைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டிருந்தார். “இரண்டாவது மாதமே பாதி வாடகையைப் பிடித்துக்கொண்டார்கள். காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் அனுப்ப வேண்டும்” என்றார்.

அந்த 33,600 ரூபாய் எங்கே போனது

நிறுவனத்தின் கணக்காளரைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டதில் பத்து நிமிடத்தில் கணக்கு விளங்கியது. அவர் செய்ததில் சட்டப்படி எதுவும் தவறில்லை. சொல்லாமல் செய்ததுதான் தவறு.

முதலில் ஜி.எஸ்.டி. டீச்சருக்கு ஜி.எஸ்.டி. பதிவு கிடையாது, தேவையும் இல்லை. சேவை வழங்குபவருக்குப் பதிவு கட்டாயமாவது ஆண்டு மொத்த விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டும்போதுதான். கீழ்த்தள வாடகை ஆண்டுக்கு 7,20,000. மேல்தளக் குடியிருப்பு வாடகைக்கு வரிவிலக்கு உண்டு என்றாலும் அந்த வரம்பைக் கணக்கிடும்போது அதையும் சேர்க்க வேண்டும், அது 1,80,000. ஆக மொத்தம் 9 லட்சம். பாதிகூட இல்லை.

பதிவு இல்லாத உரிமையாளர் என்பதால் வரியே இல்லை என்று ஆகிவிடாது. 2024 அக்டோபர் 10 முதல், பதிவு இல்லாத ஒருவர் பதிவு பெற்ற ஒருவருக்குக் குடியிருப்பு அல்லாத கட்டடத்தை வாடகைக்கு விட்டால், 18 சதவீத வரியை வாடகைதாரரே நேராக அரசுக்குக் கட்ட வேண்டும். இதைத்தான் ரிவர்ஸ் சார்ஜ் என்கிறார்கள். (சிறு வணிகர்களுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் வாடகைதாரர்களுக்கு 2025 ஜனவரியில் இதிலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டார்கள். இந்த நிறுவனம் அந்த வகை அல்ல.) அதன்படி தலைமை அலுவலகம் மே மாத வாடகைக்கான 10,800 ரூபாயை அரசுக்குக் கட்ட எடுத்து வைத்திருந்தது. அது டீச்சரிடம் வந்து போக வேண்டிய பணமே அல்ல. ஏப்ரலில் கிளை மேலாளர் தெரியாமல் கொடுத்த 10,800 ரூபாயையும் மே வாடகையில் திரும்பப் பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்தது வருமான வரிப் பிடித்தம். நிறுவனம் கட்டட வாடகை கொடுக்கும்போது, அப்போதிருந்த வருமான வரிச் சட்டத்தின் 194-ஐ பிரிவின்படி 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிக்க வேண்டும். 2025 ஏப்ரல் முதல் அதற்கான வரம்பு மாதம் 50,000 ரூபாய். 60,000 அதைத் தாண்டுவதால் மாதம் 6,000. கிளை மேலாளர் ஏப்ரலில் அதையும் பிடிக்கவில்லை. ஆகவே மே மாதம் இரண்டு மாதத்துக்குமாக 12,000 பிடித்தார்கள். தாமதத்துக்கான வட்டி சில நூறு ரூபாயைக்கூடத் தொடவில்லை. அதை நிறுவனமே கட்டியது.

மே ஜி.எஸ்.டி. 10,800, ஏப்ரல் ஜி.எஸ்.டி. 10,800, இரண்டு மாத டி.டி.எஸ். 12,000. கூட்டினால் 33,600. டீச்சரின் நோட்டில் வட்டம் போட்ட எண் சரியாக வந்தது. அவர் அதன் பக்கத்தில் ஒரு சரி அடையாளம் போட்டார். ஆனால் முகம் மாறவில்லை. “அப்படியானால் நான் கொடுத்த பில் பொய் பில்லா?” என்று கேட்டார்.

பொய் இல்லை, ஆனால் ஆபத்தானது. பதிவு இல்லாதவர் வரி என்று சொல்லி ஒரு ரூபாய்கூட வசூலிக்கக் கூடாது என்று ஜி.எஸ்.டி. சட்டத்தின் 32ஆம் பிரிவு சொல்கிறது. வரி என்ற பெயரில் யாராவது வசூலித்தால் அதை உடனே அரசுக்குச் செலுத்த வேண்டும் என்று 76ஆம் பிரிவு சொல்கிறது. ஏப்ரல் 5 முதல் மே 5 வரை, அந்த ஒரு மாதம், டீச்சர் அரசின் பணத்தைக் கையில் வைத்திருந்தவராகத்தான் தாளில் தெரிந்தார்.

மே மாதம் எடுத்த முடிவுகள்

தானாக முன்வந்து ஜி.எஸ்.டி. பதிவு பெற்றுக்கொள்ளலாமா என்று டீச்சர் கேட்டார். கிளை மேலாளர் அதைத்தான் யோசனையாகச் சொல்லியிருந்தார். நான் வேண்டாம் என்றேன். பதிவு பெற்றுவிட்டால் 20 லட்சம் வரம்பு என்ற பாதுகாப்பு போய்விடும். முதல் ரூபாயிலிருந்து வரி வசூலிக்க வேண்டும், தவறாமல் விவரம் தாக்கல் செய்ய வேண்டும், மறந்தால் நாள் கணக்கில் தாமதக் கட்டணம். எதிர்த்தரப்புக்கும் இதனால் லாபம் இல்லை. ரிவர்ஸ் சார்ஜில் கட்டும் 10,800 ரூபாயை அவர்கள் ரொக்கமாகக் கட்டினாலும் அதே மாதம் தாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழிக்கும் உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்கிறார்கள். டீச்சர் பில்லில் போட்டாலும் அதே வரவுதான். ஆக, பதிவு பெறுவதால் கூடுவது டீச்சரின் வேலை மட்டுமே.

இரண்டு பில்களையும் ரத்து செய்து கடிதம் கொடுத்தோம். ஏப்ரலில் வரி என்று பெற்ற 10,800 ரூபாய் மே 5 அன்று வாடகையில் நேர்செய்யப்பட்டுத் திரும்பிவிட்டது என்பதை இரு தரப்பும் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டன. என் விருப்பம், மே வாடகையை முழுதாக வாங்கிக்கொண்டு 10,800 ரூபாயைத் தனியாக வங்கி வழியாகத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும் என்பது. அப்படிச் செய்திருந்தால் தடம் தெளிவாக இருந்திருக்கும். அது கைமீறிவிட்டதால் கடிதத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

புதிய பில்லை என் மேசையிலேயே எழுதினோம். டி.டி.பி. கடைக்காரரின் தாளில் பதினேழு கட்டங்கள் இருந்தன. இதில் இவ்வளவுதான்:

வாடகை பில் எண் 03, தேதி 01.06.2025
உரிமையாளர் பெயர், முகவரி, பான் எண்
வாடகைதாரர் பெயர், முகவரி, ஜி.எஸ்.டி. எண்
2025 ஜூன் மாதக் கீழ்த்தள வாடகை: ரூ.60,000
கழிக்க, 194-ஐ பிரிவின்படி டி.டி.எஸ். 10%: ரூ.6,000
வங்கியில் வர வேண்டியது: ரூ.54,000
குறிப்பு: உரிமையாளர் ஜி.எஸ்.டி. பதிவு பெறாதவர். இந்த வாடகை மீதான வரியை வாடகைதாரர் ரிவர்ஸ் சார்ஜ் முறையில் செலுத்த வேண்டும்.

டி.டி.எஸ். வரியைப் பில்லிலேயே போடுவது கட்டாயம் இல்லை. போட வைத்ததற்குக் காரணம் டீச்சரின் நோட்டுதான். பில்லில் எழுதிய கடைசி எண்ணும் வங்கியில் வந்த எண்ணும் ஒன்றாக இருந்தால், மறுபடி வட்டம் போட வேண்டியிருக்காது. ‘வரி விலைப்பட்டியல்’ என்ற தலைப்பை எடுத்துவிட்டோம். ரிவர்ஸ் சார்ஜில் அந்த ஆவணத்தைத் தயாரிக்க வேண்டியவர் வாடகைதாரர்தான். சேவை பெற்ற 30 நாளுக்குள் தமக்குத் தாமே ஒரு விலைப்பட்டியல் எழுதிக்கொள்ள வேண்டும் என்று 2024 நவம்பர் முதல் விதி இருக்கிறது. கோவைக் கணக்காளர் அதை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தார். டீச்சரின் பில் அதற்கு ஆதாரமாக அவருடைய கோப்பில் இருக்கும்; அது போதும்.

‘அட்வான்ஸ்’ என்ற சொல்

ஜூலையில் நிறுவனத்தின் தணிக்கையாளரிடமிருந்து ஒரு கேள்வி வந்தது. ஆறு லட்சம் ரூபாயை அவர்கள் கணக்கில் ‘முன்கூட்டிச் செலுத்திய வாடகை’ என்று போட்டிருந்தார்கள். ஒப்பந்தத்தில் ‘அட்வான்ஸ்’ என்றும் ‘வாடகையில் கழித்துக்கொள்ளப்படும்’ என்றும் இருந்ததால் அப்படிப் போட்டார்களாம். அது முன்வாடகை என்றால் கொடுத்த அன்றே அதன்மேல் 60,000 ரூபாய் டி.டி.எஸ். பிடித்திருக்க வேண்டும், 1,08,000 ரூபாய் ஜி.எஸ்.டி. கட்டியிருக்க வேண்டும். ‘ஏன் செய்யவில்லை’ என்பது கேள்வி.

நம் ஊரில் அட்வான்ஸ் என்றால் காலி செய்யும்போது திரும்ப வரும் பணம் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். வரிச் சட்டத்தில் அதே சொல்லுக்கு நேர் எதிரான பொருள்: நாளை தர வேண்டியதை இன்றே தருவது. திரும்ப வரும் பணத்துக்கு அங்கே வைப்புத்தொகை என்று பெயர். ஜி.எஸ்.டி. சட்டம் வைப்புத்தொகையைச் சேவைக்கான விலையாக எடுத்துக்கொள்வதில்லை. உரிமையாளர் அதை வாடகைக்காக எடுத்துக்கொள்ளும் நாளில்தான், எடுத்துக்கொண்ட அளவுக்குத்தான், அது விலையாகிறது. வருமான வரித் துறையும் 1995இலேயே 718ஆம் எண் சுற்றறிக்கையில், திருப்பித் தர வேண்டிய வைப்புத்தொகைக்குப் பிடித்தம் இல்லை, திருப்பித் தராத தொகைக்கு உண்டு என்று சொல்லிவிட்டது.

ஆகவே துணை ஒப்பந்தம் ஒன்று எழுதினோம். ஆறு லட்சம் என்பது வட்டியில்லாத, திருப்பித் தரத்தக்க வைப்புத்தொகை. ஒப்பந்த காலத்தில் மாத வாடகைக்கு ஈடாக எடுத்துக்கொள்ளப்படாது. சாவி ஒப்படைக்கும்போது பாக்கியும் சேதமும் கழித்துத் திருப்பித் தரப்படும். இருவரும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் மட்டும் வாடகையில் நேர்செய்யலாம். ‘அல்லது’ போய்விட்டது. நிறுவனம் தன் கணக்கிலும் அந்தத் தொகையை வைப்புத்தொகை என்று மாற்றிக்கொண்டது. தணிக்கையாளர் அத்துடன் விட்டுவிட்டார். பணம் உண்மையிலேயே முழுதாகத் திரும்ப வேண்டியதாக இருந்ததால்தான் விட்டார். வெறும் சொல் மாற்றம் என்றால் நின்றிருக்காது.

காலி செய்யும் கடிதம்

அதன்பின் அக்டோபர் வரை ஒன்றும் நடக்கவில்லை. 54,000 வந்தது, நோட்டில் ஏறியது.

அக்டோபர் கடைசியில் நிறுவனம் மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுத்தது. பெரிய கிடங்கு வேறிடத்தில் கிடைத்துவிட்டதாம். 2026 ஜனவரி 31 அன்று சாவி ஒப்படைப்பு. நவம்பர், டிசம்பர், ஜனவரி வாடகையை வைப்புத்தொகையில் கழித்துக்கொள்ளும்படி கேட்டிருந்தார்கள். எல்லா வாடகைதாரர்களும் கேட்பதுதான். அட்வான்ஸ் திரும்புமோ திரும்பாதோ என்ற பயம் அவர்களுக்கு.

டீச்சருக்கும் அது வசதியாகவே இருந்தது. ஆறு லட்சத்தில் மூன்றரை லட்சத்தை மேல்தளத்துக்குத் தளக்கல் பதிப்பதிலும் மொட்டைமாடி ஒழுகலைச் சரிசெய்வதிலும் செலவழித்துவிட்டார். மீதி இரண்டரை லட்சம் வங்கியில் நிரந்தர வைப்பாக இருந்தது. ஒரே நாளில் ஆறு லட்சம் திருப்புவதைவிட மூன்று மாதம் கழித்துக்கொள்வது எளிது. எழுத்தில் ஒப்புதல் கொடுத்தோம்.

நவம்பர் 6 அன்று கோவையிலிருந்து ஒரு மின்னஞ்சல்: ‘நவம்பர் வாடகை ரூ.60,000 வைப்புத்தொகையில் நேர்செய்யப்பட்டது. மீதி ரூ.5,40,000.’ டி.டி.எஸ். பற்றி ஒரு சொல் இல்லை. கணக்காளரைக் கேட்டேன். “பணமே கொடுக்கவில்லையே சார், எதில் பிடிப்பது?” என்றார்.

இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். பிடித்தம் செய்ய வேண்டிய கடமை, பணம் கைமாறும்போது மட்டும் வருவதில்லை. உரிமையாளர் கணக்கில் வாடகை வரவு வைக்கப்படுவது, செலுத்தப்படுவது, இரண்டில் எது முந்தியதோ அப்போது வந்துவிடும். வைப்புத்தொகையில் நேர்செய்வதும் வாடகையைச் செலுத்தும் ஒரு வழிதான். ஜி.எஸ்.டி.க்கும் அப்படியே: வைப்புத்தொகையிலிருந்து எடுக்கும் நாளில் அது விலையாகிவிடுகிறது. ஆகவே நவம்பருக்கும் 6,000 டி.டி.எஸ்., 10,800 ரிவர்ஸ் சார்ஜ், இரண்டையும் நிறுவனம் கையிலிருந்து ரொக்கமாகக் கட்ட வேண்டும்.

அப்படியென்றால் வைப்புத்தொகையில் எவ்வளவு குறைக்க வேண்டும்? 60,000 அல்ல, 54,000. மீதி 6,000 ரூபாயைத்தான் நிறுவனம் டீச்சரின் பான் எண்ணில் அரசுக்குக் கட்டிவிட்டதே. 60,000 குறைத்துக்கொண்டு, 6,000 ரூபாயும் கட்டினால் நிறுவனம் ஒரே தொகையை இரண்டு முறை கொடுத்ததாகிவிடும். கணக்காளர் ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு, “சரிதான், மீதி 5,46,000 என்று திருத்தி அனுப்புகிறேன்” என்றார். நவம்பர் பிடித்தத்தைக் கட்டக் கெடு டிசம்பர் 7 என்பதால் வட்டி எதுவும் விழவில்லை.

டீச்சர் இதை ஏற்கவில்லை. அவர் பார்வையில் கணக்கு வேறு. அவர்கள் போட்ட முதல் கணக்கின்படி மூன்று மாதத்துக்கு 1,80,000 கழித்து 4,20,000 திருப்பினால் போதும். என் கணக்கின்படி 1,62,000தான் கழியும், 4,38,000 திருப்ப வேண்டும். “நீங்கள் யாருக்கு வேலை பார்க்கிறீர்கள்?” என்று சிரித்துக்கொண்டுதான் கேட்டார். கேள்வி நியாயமானதே. அந்த 18,000 அவர் பெயரில் அரசிடம் இருக்கிறது, பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் தெரியும், வருமான வரி விவரம் தாக்கல் செய்தால் திரும்பும் என்றேன். “அது வரும்வரை என் பணம்தானே கையைவிட்டுப் போகிறது” என்றார். அவர் சொன்னதில் இருந்த நியாயம் எனக்கு முழுதாக உறைக்க இன்னும் மூன்று மாதம் ஆனது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

டீச்சர் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவராக இருந்திருந்தால் இதே கணக்கு தலைகீழாகியிருக்கும். மாதம் 60,000 வாடகை, 10,800 வரி, கழிக்க டி.டி.எஸ். 6,000; வைப்புத்தொகையில் 64,800 குறையும். அந்த 10,800 ரூபாயை டீச்சர் தன் கையிலிருந்து அரசுக்குக் கட்ட வேண்டும், அதுவும் வாடகையாக ஒரு ரூபாய்கூடக் கையில் வராத மாதத்தில். பதிவு பெற்ற சிறு உரிமையாளர்கள் கடைசி மாத வாடகையை வைப்புத்தொகையில் கழிக்க ஒப்புக்கொள்ளும்போது, அந்த மூன்று மாத வரிக்கு ரொக்கம் எங்கிருந்து வரும் என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பது இதனால்தான். இன்னொன்று: டி.டி.எஸ். கணக்கிடுவது வாடகைமேல் மட்டுமே. ஜி.எஸ்.டி. பில்லில் தனியாகக் காட்டப்பட்டிருந்தால் அதன்மேல் பிடிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் 23ஆம் எண் சுற்றறிக்கை தெளிவாக்கியிருக்கிறது. 70,800மேல் 10 சதவீதம் பிடித்து 7,080 குறைக்கும் கணக்காளர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சாவி ஒப்படைப்பு

ஜனவரி 31 அன்று மாலை நான்கு மணிக்குக் கட்டடத்தில் கூடினோம். மருந்து அலமாரிகளைச் சுவரில் திருகி மாட்டியிருந்ததில் பதினொரு இடங்களில் காரை பெயர்ந்திருந்தது. இடையில் போட்டிருந்த பலகைத் தடுப்பைப் பிரித்தபோது தரையில் இரண்டு கற்கள் உடைந்திருந்தன. டீச்சர் 24,000 கேட்டார். கிளை மேலாளர் 8,000 என்றார். உள்ளூர்க் கொத்தனாரை அழைத்து அங்கேயே மதிப்புப் போடச் சொன்னோம். 15,000 என்று எழுதிக் கொடுத்தார். இருவரும் ஒப்பினார்கள். மின்மீட்டரைப் படித்து, கடைசி பில் கட்டிய பிறகு ஓடியதற்கு 7,340 ரூபாய் என்று கணக்கிட்டோம்.

இந்த இரண்டையும் வாடகை பில்லில் ஏற்றவில்லை. ஏற்றினால் அவையும் வாடகையாகிவிடும், டி.டி.எஸ்., ரிவர்ஸ் சார்ஜ் இரண்டும் அவற்றின்மேலும் ஏறும். சேத ஈடு என்பது இடத்தைப் பயன்படுத்தியதற்கான விலை அல்ல. கொத்தனாரின் மதிப்பீட்டுத் தாளை இணைத்து, வைப்புத்தொகைத் தீர்வுக் கணக்கு என்ற தனித் தாளில் எழுதினோம்:

பெற்ற வைப்புத்தொகை: ரூ.6,00,000
கழிக்க, நவம்பர், டிசம்பர், ஜனவரி வாடகை, டி.டி.எஸ். போக (54,000 x 3): ரூ.1,62,000
கழிக்க, மின்கட்டணம்: ரூ.7,340
கழிக்க, சேத ஈடு: ரூ.15,000
திருப்பித் தர வேண்டியது: ரூ.4,15,660

டீச்சர் நிரந்தர வைப்பை முறித்து வைத்திருந்தார். 2,50,000 ரூபாய் அன்றே வங்கி வழியாகப் போனது. மீதி 1,65,660 ரூபாய்க்கு ஒரு மாதத் தவணை கேட்டோம். சட்டமும் காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்ப வேண்டும் என்றுதான் சொல்கிறது. தவணை கேட்டதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஜனவரி மாதப் பிடித்தத்தை நிறுவனம் பிப்ரவரி 7 வரை கட்டலாம். அதற்குமுன் முழுத் தொகையையும் திருப்பிவிட்டால், அந்த 6,000 ரூபாய் உண்மையிலேயே கட்டப்பட்டதா என்று கேட்க நம் கையில் பிடி இருக்காது. சலான் நகல் வந்தபின் மீதி என்று தீர்வுக் கணக்கின் அடியில் ஒரு வரி சேர்த்தேன். கிளை மேலாளர் புருவத்தை உயர்த்தினார், கையெழுத்திட்டார்.

பின்விளைவு

பிப்ரவரி 9 அன்று சலான் நகல் வந்தது. டிசம்பர் காலாண்டுக்கான விவரத்தை நிறுவனம் ஜனவரி இறுதியில் தாக்கல் செய்திருந்ததால், நவம்பரும் டிசம்பரும் 26ஏஎஸ் படிவத்தில் ஏறியிருந்தன. ஜனவரிப் பிடித்தம் மார்ச் காலாண்டைச் சேர்ந்தது. அந்த விவரத்துக்குக் கெடு மே 31. அதுவரை அது படிவத்தில் தெரியாது, சலான் ஒன்றுதான் ஆதாரம். பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் கீழ்த்தளத்துக்குப் புதிய வாடகைதாரர் கிடைத்து, அவர் கொடுத்த வைப்புத்தொகையிலிருந்து 1,65,660 ரூபாய் 27ஆம் தேதி திருப்பப்பட்டது. நிறுவனத்திடமிருந்து ‘பாக்கி ஏதுமில்லை’ என்ற கடிதம் வந்தது.

பத்து மாதத்தில் பிடிக்கப்பட்டது மொத்தம் 60,000 ரூபாய்.

மாற்றிச் செய்திருக்க வேண்டியது

அந்த அறுபதாயிரத்தைச் சரிபார்க்க டீச்சரின் ஆண்டு வருமானத்தைக் கணக்கிட்டபோதுதான் என் தவறு எனக்குத் தெரிந்தது. ஓராண்டு முழுதும் வாடகை வந்தாலும் 9 லட்சம். அதில் 30 சதவீத நிலைக்கழிவு போக 6,30,000. ஓய்வூதியம் 3,36,000, அதில் 75,000 கழிவு போக 2,61,000. வங்கி வட்டியும் சேர்த்தால் ஒன்பது லட்சத்தைச் சற்றே தாண்டும். புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை கழிவுச் சலுகையால் வரி பூச்சியம். கட்ட வேண்டிய வரியே இல்லாத ஒருவரிடம் பத்து மாதமாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நானும் அது சரியென்று பில்லில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதிருந்த விதிப்படி, அறுபது வயது நிறைந்தவர், தன் மொத்த வருமானத்துக்கு வரி வராது என்றால் 15எச் படிவம் கொடுக்கலாம். வங்கி வட்டிக்குக் கொடுக்கும் அதே படிவம். வாடகைக்கும் அது செல்லும், கழிவுச் சலுகைக்குப் பிறகு வரி பூச்சியமானாலும் செல்லும். டீச்சர் தன் வங்கிக்கு ஆண்டுதோறும் கொடுத்துவருகிறார். அதை வாடகைதாரருக்கும் கொடுக்கலாம் என்று மே மாதம், அந்த நோட்டைப் பார்த்த அன்றே, நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் மே மாதத்துக்குப் பிறகு மாதம் முழு 60,000 வந்திருக்கும். நவம்பரிலும் வைப்புத்தொகையில் முழுதாகக் கழிந்து, 4,20,000 என்று டீச்சர் கேட்ட கணக்கே சரியாக இருந்திருக்கும். அவரிடம் ஓய்வூதியத்தைப் பற்றி நான் கேட்டது பிப்ரவரியில். வரி பிடிக்க வேண்டுமா என்பதற்கு நிறுவனத்தின் பக்கத்திலிருந்தே விடை தேடிக்கொண்டிருந்தேன். பெறுபவர் பக்கத்திலிருந்து பார்க்கவில்லை.

ஒப்பந்தம் எழுதும் முன்பே நாங்கள் உட்கார்ந்திருந்தால் மற்றவையும் மாறியிருக்கும். வைப்புத்தொகை என்ற சொல்லை முதல் தாளிலேயே போட்டிருப்போம். கடைசி மாதங்களை நேர்செய்வதானால் பிடித்தம் போக மீதியைத்தான் கழிக்க வேண்டும் என்பதையும் எழுதியிருப்போம். முதல் பில்லை அனுப்பும் முன் தலைமை அலுவலகக் கணக்காளரிடம் ஒருமுறை பேசியிருப்போம். கிளை மேலாளருக்கு வரி தெரிய வேண்டிய அவசியம் இல்லை.

டீச்சரிடம் இதைச் சொன்னேன். அவர் நோட்டைத் திறந்து, நவம்பர்ப் பக்கத்தில் எழுதியிருந்த 18,000 என்ற எண்ணைக் காட்டினார். அதன் எதிரே ‘அரசிடம்’ என்று எழுதி வைத்திருந்தார். அதை அடித்துவிட்டு 60,000 என்று திருத்தினார்.

புதிய வாடகைதாரரும் ஒரு நிறுவனம்தான். மார்ச் முதல் வாடகை ஓடுகிறது. முதல் பில்லோடு 15எச் படிவத்தையும் இணைத்துக் கொடுத்தோம், 60,000 முழுதாக வந்தது. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. பில்லில் அச்சிட்டிருக்கும் ‘194-ஐ’ என்பதை ஏப்ரல் பில்லுக்கு முன் மாற்ற வேண்டும். அந்த அறுபதாயிரம், வருமான வரி விவரம் தாக்கல் செய்த பிறகு திரும்ப வர வேண்டும்.